பை, துணி, மணி: நகைப்பெட்டியில் எதற்கு எது?

ஆடி முடிந்து ஆவணி வரப்போகிறது. வரலட்சுமி நோன்பு, அடுத்தடுத்து கல்யாணம், சதங்கை பூஜை, அரங்கேற்றம் என்று பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த நகையெல்லாம் வெளியே வரும் நேரம். "திறந்து பார்த்தா கொலுசு கறுத்துப் போச்சு", "வளையல்ல ஒரே கீறல்" என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். மூன்று பேர் வீட்டிலும் சுருக்குப்பை இருந்தது, சிலிகா ஜெல் பொட்டலம் இருந்தது. அப்புறம் ஏன்?

பதில் சுலபம். மென்மையான பை, கறுப்பைத் தடுக்கும் ஆன்ட்டி டார்னிஷ் துணி, சிலிகா ஜெல், இந்த மூன்றுக்கும் ஆளுக்கு ஒரு வேலைதான் தெரியும். பை கீறலைத் தடுக்கும். துணி கந்தகத்தைப் பிடிக்கும். சிலிகா ஜெல் ஈரத்தை உறிஞ்சும். ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது. அதுமட்டுமில்லை, சில நகைக்கு இவற்றில் ஒன்று ஆகவே ஆகாது. எந்த நகைக்கு எந்த ஆபத்து என்று தெரிந்துவிட்டால் எதை எங்கே வைப்பது என்பது தானாகவே புரிந்துவிடும்.

எங்கள் ஊர் நியூ ஜெர்சியில் பக்கத்துத் தெருவில் இருக்கும் தோழியின் வீட்டில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, அவள் பெட்டியை முழுசாகப் பிரித்து அடுக்கினோம். அதை அப்படியே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதேதான் இருக்கும்.

பெட்டிக்குள் என்ன இருந்தது

பேஸ்மென்ட் அலமாரியில் மூன்று அடுக்கு மரப்பெட்டி. மேல் தட்டில் அவள் அம்மா போட்ட 22 காரட் வளையல் ஆறு, ஒரு அட்டிகை, வைரத்தோடு, வைர மூக்குத்தி. நடுத்தட்டில் பாட்டியின் வெள்ளிக் கொலுசு, குழந்தைக்குப் போட்ட அரைஞாண், இரண்டு குங்குமச் சிமிழ், கூடவே ஒரு முத்து மாலை. அடித்தட்டில் மகளின் பரதநாட்டிய செட்: தலைசாமான், ராக்கொடி, மாட்டல், ஒட்டியாணம், இரண்டு மாலை. அதன் அரங்கேற்றம் அக்டோபரில். ஒவ்வொரு தட்டிலும் செருப்பு டப்பாவிலிருந்து எடுத்த சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று.

அவளுக்கு வருத்தமெல்லாம் கொலுசு மேல்தான். பாட்டியின் கொலுசு கெட்டியானது, மேலே கொடிப்பூ வேலை உண்டு. கறுத்துப் போகும் ஒவ்வொரு முறையும் கடையில் கொடுத்து மெருகு போட்டிருக்கிறாள். "இந்தத் தடவையும் கொடுத்துடலாமாக்கா?" என்றாள். கையில் வாங்கி வெளிச்சத்தில் காட்டினேன். பூவின் விளிம்பெல்லாம் மழுங்கிவிட்டது. மெருகு என்பது மேலிருக்கும் மெல்லிய தோலைத் தேய்த்து எடுப்பதுதான். வீட்டில் பற்பசை வைத்துத் தேய்த்தாலும் அதே கதைதான், அதிலும் உரசும் தூள் இருக்கிறது. இன்னும் சில முறை மெருகு போட்டால் அந்தப் பூ போய்விடும், வெறும் கொலுசுதான் மிஞ்சும். அதனால் கறுத்த பிறகு துலக்குவதை விட கறுக்காமல் வைப்பதுதான் இதற்கு ஒரே வழி.

கீறல்: இது பையின் வேலை

முதலில் மேல் தட்டை எடுத்துக்கொண்டோம். தங்கம் கறுக்காது. ஆனால் மிக மென்மையான உலோகம். கடினத்தை அளக்கும் அளவுகோலில் தங்கமும் வெள்ளியும் 3க்குள் நிற்கும். மாணிக்கம் 9, வைரம் 10. சாதாரணத் தூசியில் கலந்திருக்கும் மணல் துகளே 7. அதனால் வளையலும் மூக்குத்தியும் ஒரே தட்டில் கிடந்தால், இழுப்பறையை இழுத்து மூடும்போதெல்லாம் வைரம் தங்கத்தின் மேல் கோடு போடும். தோழியின் வளையலில் இருந்த கீறல் அப்படித்தான். கையில் போட்டுத் தேய்ந்த கீறல் வெளிப்பக்கம் முழுக்க மங்கலாகப் பரவியிருக்கும். பெட்டிக்குள் விழுந்த கீறல் அங்கங்கே ஆழமாக, கூர்மையாக, உட்பக்கத்திலும் இருக்கும். உட்பக்கத்தில் கூர்மையான கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், குற்றவாளி பெட்டிக்குள்தான் இருக்கிறது.

இதற்கு ஒரே விதி: ஒரு நகைக்கு ஒரு பை. வளையலுக்கும் அப்படித்தான், ஆறையும் ஒரே பையில் போட்டால் ஒன்றோடொன்று உரசும். வாங்க வேண்டும் என்றில்லை. பல முறை துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டி இதற்கு அருமையான துணி. கஞ்சி போடாமல், வாசனைத் திரவம் சேர்க்காமல் துவைத்து நன்றாகக் காயவைத்து, தையல் விளிம்பு வெளிப்பக்கம் இருக்கும்படி சின்னச் சுருக்குப்பையாகத் தைத்துக்கொள்ளலாம். பட்டுப்பாவாடைத் துணி மீதி இருக்கிறதே என்று ஜரிகைத் துணியில் தைக்காதீர்கள். ஜரிகையே உரசும். அடர் நிறப் புது வெல்வெட்டும் வேண்டாம், ஈரம் பட்டால் சாயம் இறங்கும். கடையில் சுற்றிக் கொடுக்கும் ரோஸ் காகிதமும் அப்படித்தான்.

சங்கிலிக்கு மட்டும் ஒரு சின்ன வழி. கொக்கியை மாட்டிவிட்டு ஜிப் கவரில் போட்டு, கொக்கிப் பக்கம் ஓர் அங்குலம் வெளியே நிற்கும்படி மூடுங்கள். சிக்கே விழாது. அந்தக் கவரை அப்படியே துணிப்பைக்குள் வைக்கலாம். புதுப் பாத்ரூம் திரை மாதிரி வாடை அடிக்கிற, தொட்டால் ஒட்டுகிற பிளாஸ்டிக் கவர் மட்டும் ஆகாது. அது பிவிசி, நாளானால் நகையில் பிசுபிசுப்பு ஏறும். சமையலறையில் சாண்ட்விச் வைக்கும் கவரே போதும்.

வைப்பதற்கு முன் தங்கத்தை இளஞ்சூட்டு நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் கழுவித் துடைத்தோம். வைர நகைகளைத் தனியாகக் கழுவினோம். "தங்கம் மங்கிடுச்சு" என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் மஞ்சள், எண்ணெய், லோஷன் படிந்ததுதான். கழுவினதும் பளிச்சென்று வந்துவிட்டது.

கறுப்பு: இது துணியின் வேலை

அடுத்தது வெள்ளி. வெள்ளி கறுப்பதற்குக் காரணம் காற்றில் இருக்கும் கந்தகம். அது வெள்ளியோடு சேர்ந்து மேலே கருப்பாகப் படியும். ஈரம் இருந்தால் இது வேகமாக நடக்கும், ஆனால் மூலகாரணம் ஈரமில்லை. அதனால்தான் சிலிகா ஜெல் மட்டும் போட்டால் வெள்ளி கொஞ்சம் மெதுவாகக் கறுக்கும், கறுக்காமல் இருக்காது.

கந்தகம் நம் வீட்டில் எங்கே? முட்டை, வெங்காயம், பூண்டு எல்லாவற்றிலும். பெருங்காயத்தின் வாசனையே கந்தகம் கலந்த சேர்மங்களின் வாசனைதான். சமையலறை அலமாரியில் சாமி வைத்திருப்பவர்கள் வீட்டில் வெள்ளி விளக்கு மட்டும் சீக்கிரம் கறுப்பது இதனால்தான். திருடனுக்குப் பயந்து அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில், மசாலா டப்பாவுக்குப் பின்னால் வெள்ளியை ஒளித்து வைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கம்பளி, செய்தித்தாள், அட்டைப்பெட்டி, எல்லாவற்றையும் விட மோசமாக ரப்பர் பேண்ட், இவையும் கந்தகம் விடும்.

தோழியின் கொலுசில் இதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. முழுக்கப் பழுப்பாக இருந்தாலும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் அட்டைக் கருப்பாக ஒரு பட்டை. "இது என்ன கறை?" என்று கேட்டாள். செய்தித்தாளில் சுற்றி அதன் மேல் ரப்பர் பேண்ட் போட்ட இடம் அது. காகிதத்துக்கு வெளியே இருந்தும் ரப்பர் தன் வேலையைக் காட்டிவிட்டது. கறுப்பின் வடிவத்தைப் பாருங்கள். ஒரே சீராகப் பரவியிருந்தால் காற்று. கோடாக, புள்ளியாக, ஓரமாக இருந்தால் அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்த பொருள்.

ஆன்ட்டி டார்னிஷ் துணி என்பது பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் இருக்கும் மெத்தென்ற பருத்தித் துணி. அதன் இழைக்குள் நுண்ணிய வெள்ளித் துகளைச் சேர்த்திருப்பார்கள். உள்ளே வரும் கந்தகத்தை அந்தத் துகள்கள் முதலில் வாங்கிக்கொள்ளும், கொலுசு வரை விடாது. இது புரிந்தால் மூன்று விஷயம் தானாகவே புரியும். ஒன்று, துணி நகையை முழுசாக மூட வேண்டும். அடியில் விரித்து மேலே நகையை வைத்தால் பாதிப் பயன்தான். நாங்கள் கொலுசை ஒன்று ஒன்றாகச் சுற்றி, இரண்டு ஓரமும் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி மடித்து, பருத்தி நாடாவால் கட்டினோம். இரண்டு, அந்தத் துணியைத் துவைக்கக் கூடாது. துவைத்தால் அதன் குணம் போய்விடும். மூன்று, வெள்ளி துலக்கும் துணி வேறு, இது வேறு. துலக்கும் துணியில் உரசும் தூளோ மருந்தோ இருக்கும், அதில் சுற்றி வைக்கக் கூடாது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும், உறையைப் படித்து வாங்குங்கள்.

சுற்றுவதற்கு முன் வெள்ளி சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். கொலுசில் இதுதான் சிரமம். சலங்கை மணிக்குள்ளும் கண்ணிகளுக்கு இடையிலும் தண்ணீர் ஒளிந்துகொள்ளும். துண்டில் ஒற்றிவிட்டு, ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஊதினோம், பிறகு மத்தியானம் முழுக்க ஃபேன் காற்றில் விட்டோம். கறுப்பை முழுசாக எடுக்கவில்லை. துலக்கும் துணியால் லேசாக ஒருமுறை துடைத்ததோடு சரி, பூவின் பள்ளத்தில் இருந்த கருப்பை விட்டுவிட்டோம். அது இருந்தால்தான் மிச்சமிருக்கும் பூ எடுப்பாகத் தெரியும். கடைசியில் சுற்றும்போது வெறுங்கையால் தொடாமல் பருத்தித் துணியால் பிடித்தோம், விரல் ஈரமும் உப்பும் அப்படியே ரேகையாகப் பதியும்.

ஈரம்: இது மணியின் வேலை

இப்போது அடித்தட்டு, நாட்டிய செட். இங்கேதான் சிலிகா ஜெல்லின் அருமை தெரியும். இது முலாம் பூசியது. மேலே மெல்லிய தங்கப் பூச்சு, உள்ளே செம்பு கலந்த உலோகம். வியர்வையின் உப்பும் ஈரமும் பூச்சின் நுண்ணிய துளை வழியாக இறங்கினால் செம்பு பச்சை பூக்கும். தோழியின் செட்டில் மாலையின் பின்பக்கம், சிவப்புக் கயிறு கட்டும் வளையத்தைச் சுற்றித்தான் பச்சை இருந்தது. காரணம் அந்தக் கயிறு. உலோகம் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும், வியர்வையில் ஊறிய கயிறு மறுநாள் வரைக்கும் காயாது. நிகழ்ச்சி முடிந்த கையோடு பெட்டியில் வைத்து மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறோம்.

அதனால் நிகழ்ச்சி முடிந்த இரவு செய்ய வேண்டியது: லேசாக ஈரமான துணியால் பின்பக்கம் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்து, இரவு முழுக்க ஒரு துண்டின் மேல் திறந்தே வைப்பது. தண்ணீரில் முக்காதீர்கள், கல்லுக்குப் பின்னால் தண்ணீர் போனால் அடியில் இருக்கும் தாள் கறுத்து, சிவப்புக் கல் செத்துப்போன மாதிரி ஆகிவிடும். மறுநாள் ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு, சிலிகா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம்.

எவ்வளவு சிலிகா ஜெல்? இதில்தான் பலரும் ஏமாறுகிறோம். ஐந்து லிட்டர் டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். புழுக்கமான நாளில், 30 டிகிரி வெயிலில், அதற்குள் இருக்கும் காற்றில் மொத்த ஈரம் கால் கிராம்கூடத் தேறாது. 10 கிராம் சிலிகா ஜெல் இரண்டு கிராமுக்கு மேலேயே குடிக்கும். பைத்துணியில் ஒட்டியிருக்கும் ஈரத்தையும் சேர்த்து, 20 கிராம் தாராளம். ஆனால் டப்பா இறுக மூட வேண்டும். மரப்பெட்டியில் இழுப்பறையைச் சுற்றி இடைவெளி இருக்கிறது. அதில் போட்ட ஜெல் பேஸ்மென்ட் முழுக்க இருக்கும் ஈரத்தைக் குடிக்கப் பார்த்து, சில நாளிலேயே வயிறு நிறைந்து படுத்துவிடும். செருப்பு டப்பாவில் வந்த பொட்டலமோ நம் கைக்கு வரும்போதே நிறைந்திருக்கும். தோழி வருஷக்கணக்காக வைத்திருந்த மூன்று பொட்டலமும் அலங்காரத்துக்குத்தான் இருந்தன.

நாங்கள் சிலிகோன் வளையம் வைத்த புது சமையலறை டப்பா நான்கு வாங்கினோம். பழைய மசாலா டப்பா வேண்டாம், அந்த வாடை லேசில் போகாது. உதிரியாகக் கிடைக்கும் ஆரஞ்சு நிற சிலிகா மணியை 20 கிராம் எடுத்து, சின்னத் துணிப்பையில் கட்டி, பையின் மேல் எடையை எழுதினோம். மணி நகையைத் தொடாதபடி டப்பாவின் ஒரு மூலையில் வைத்தோம். ஈரம் குடித்தால் ஆரஞ்சு பச்சையாக மாறும் அல்லது வெளுத்துவிடும். நீலத்திலிருந்து ரோஸாக மாறும் வகையும் உண்டு. அதில் நிறத்துக்காகக் கோபால்ட் உப்பு சேர்க்கிறார்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஆரஞ்சே நல்லது. எந்த வகையானாலும் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். நிறம் சரியாகத் தெரியாவிட்டால் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 20 கிராம் 24 ஆகிவிட்டால் காயவைக்கும் நேரம். மணியைப் பையிலிருந்து கொட்டி, சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு தட்டில் பரப்பி, ஓவனில் 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 120 டிகிரி செல்சியஸில், இரண்டு மணி நேரம். பொட்டலத்தோடு வைக்காதீர்கள், உறை உருகும். ஆறியதும் உடனே டப்பாவுக்குள். மேசை மேல் விட்டுவிட்டு மறுநாள் எடுத்தால் மறுபடியும் குடித்திருக்கும்.

முத்துக்கு மட்டும் தனி வீடு

நடுத்தட்டில் வெள்ளியோடு ஒரு முத்து மாலை இருந்தது அல்லவா? "இதையும் அதே டப்பாவுல போட்டுடலாம்" என்று தோழியின் மாமியார் எடுத்தார். "இல்லை மாமி, இது மட்டும் வேண்டாம்" என்றேன். முத்துக்குள் கொஞ்சம் ஈரம் இருந்தாக வேண்டும். ஜெல்லோடு இறுக மூடி வைத்தால் அது வறண்டு, நாளடைவில் மேல்பூச்சில் மெல்லிய வெடிப்பு விழலாம். ஓபல் கல்லுக்கும் இதே ஆபத்து. மரகதத்தின் விரிசலை மறைக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அதையும் வறண்ட டப்பாவில் போடாமல் இருப்பதே நல்லது. நவரத்தின மோதிரத்தில் முத்தும் மரகதமும் இரண்டுமே இருக்கின்றன, அதனால் அதுவும் இந்தக் கட்சிதான்.

முத்து மாலையை மெல்லிய ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, தனிப் பையில் படுக்க வைத்தோம். தொங்கவிட்டால் நூல் இழுபடும். அந்தப் பையை மாடி அறை அலமாரியில், மூடி இறுகாத பெட்டியில் வைத்தோம். எங்கள் ஊர்க் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது வீடே வறண்டு கிடக்கும், அதனால் ஹீட்டர் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்கவில்லை.

ஆக, கடைசியில் வீட்டில் இருந்தவை நான்கு டப்பாவும் ஒரு பெட்டியும். தங்கம் ஒன்றில், வைரம் ஒன்றில், இரண்டிலும் தனித்தனிப் பைகள். ஜெல் கட்டாயமில்லை, பேஸ்மென்ட் என்பதால் ஒவ்வொன்றிலும் 10 கிராம். வெள்ளி மூன்றாவதில், துணி சுற்றி, ஜெல்லும் போட்டு. நாட்டிய செட் நான்காவதில், பையும் ஜெல்லும். முத்து மட்டும் தனிப்பெட்டியில், பை மட்டும். வெளியே பெயர் எழுதாமல் எண் மட்டும் ஒட்டினோம். மரப்பெட்டியில் இப்போது வளையல் ஊசியும் சாந்துப்பொட்டும் இருக்கின்றன.

ஊருக்கு ஏற்ப ஒரு வார்த்தை. சிங்கப்பூர், கோலாலம்பூர் தோழிகளுக்கு வருஷம் முழுக்கப் புழுக்கம், மாதம் ஒருமுறை மணியின் நிறத்தைப் பாருங்கள். கனடா, வட அமெரிக்கா பக்கம் கோடையில்தான் பிரச்சினை, ஜூனில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை போதும். பேங்க் லாக்கரில் வைப்பவர்கள் அடிக்கடி திறக்க முடியாது என்பதால், இறுக மூடும் சின்ன டப்பாவுக்குள் வைத்து அதை லாக்கரில் வையுங்கள்.

திறக்கும்போது வெள்ளியில் முதலில் பார்க்க வேண்டியது கருப்பை அல்ல, மஞ்சளை. வெள்ளி முதலில் இளமஞ்சளாகும், அப்புறம் பழுப்பு, நீலம், கடைசியில்தான் கருப்பு. மஞ்சள் எட்டிப் பார்க்கும்போதே பிடித்துவிட்டால் மென்மையான துணியால் ஒரு துடைப்பில் போய்விடும், கடைக்குக் கொடுக்க வேண்டாம். நன்றாகச் சுற்றி வைத்தும் மஞ்சள் சீக்கிரம் வருகிறது என்றால் அந்தத் துணி தன் வேலையை முடித்துவிட்டது, புதிது வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.